கடைசி அஞ்சு வருஷம்

அம்மா, தட்டி எழுத கை ஓடல, பேசியே அனுப்புறேன்.

இன்னிக்கு கம்பெனியில இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற மீட்டிங். சேஃப்டி பாக்குறது நான்தானே, பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லி நானே பேச வேண்டியதாப் போச்சு. குறைஞ்சா மீதி பிரஸ் மெஷினுக்கும் தடுப்பு போட்டுத் தரேன்னு முதலாளி சொல்லியிருந்தாரு. அஞ்சு வருஷமா ஒரு க்ளெய்ம்கூட இல்ல, பாதி மெஷின்ல தடுப்பு மூடாம தகடு அழுத்துற பிரஸ் இறங்காது, எல்லாருக்கும் பயிற்சி குடுத்திருக்கோம்னு ஒவ்வொண்ணா காட்டினேன்.

இன்சூரன்ஸ் மேடம், "அதுக்கு முன்னாடி ரெக்கார்டு மோசமா இருந்துச்சே. எப்படிப்பா திடீர்னு திருந்தினீங்க?"ன்னு கேட்டாங்க.

முதலாளி தரையைப் பாத்தாரு.

"பிரஸ்ல ஒருத்தர் செத்துட்டாரு மேடம்"னேன். என் அண்ணன்னு சொல்ல வாய் வரல.

அவங்க பேப்பரைப் புரட்டினாங்க. "ஆமா, போன வருஷம் வரைக்கும் அந்த க்ளெய்ம் கணக்குல இருந்துச்சு. நாங்க கடைசி அஞ்சு வருஷம்தான் பாப்போம். இப்ப அது வராது. குறைச்சுடலாம்."

"கலக்கிட்டடா"ன்னு முதலாளி முதுகுல தட்டினாரு.

நான் நேரா அண்ணன் மெஷின்கிட்ட போனேன்மா. தடுப்பை இழுத்துப் பாத்தேன். நல்லா உறுதியாத்தான் இருக்கு.

போன் பண்ணாதம்மா. உன் குரலைக் கேட்டா தாங்க மாட்டேன்.