பதினோராவது ஸ்லைடு

கோகுலகிருஷ்ணன் அனுப்பிய பதினெட்டு ஸ்லைடுகளில் பதினோராவதைப் பார்த்தபோது ஈஸ்வரிக்குக் காது சூடாகிவிட்டது.

புதூர்நாட்டில் சாமையைச் சுத்தம் செய்து பாக்கெட் போடும் கம்பெனி அது. முதலாளி கோகுலகிருஷ்ணன் சென்னையில் இருந்தார். ஆலங்காயத்திலிருந்து தினமும் ஜீப்பேறி வரும் ஈஸ்வரிதான் இங்கே ஆளெடுப்பு, வருகைப்பதிவு, சண்டை, சமாதானம் எல்லாம். முதலீட்டாளர்களுக்காகச் செய்த ஸ்லைடுகளை வெள்ளிக்கிழமை நடக்கும் ஊழியர் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொல்லித் திங்கட்கிழமையே அனுப்பியிருந்தார்.

முதலில் அவளுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. சந்தை எவ்வளவு பெரியது, யாருக்கு எத்தனை பங்கு என்ற ஸ்லைடுகளை எடுத்தாள். 'நிறுவனம்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நாம' என்று போட்டாள். போன வருஷம் ஒரு லோடுகூடக் கல் இருக்கிறதென்று திரும்பி வரவில்லை. முதலீட்டாளர்களுக்கு அது ஏழாவது ஸ்லைடின் மூலையில் ஒரு வரி. அதைத் தூக்கி முதல் ஸ்லைடாக்கினாள். முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கியவர்கள் அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

பிறகுதான் பதினோராவது ஸ்லைடு வந்தது. கலர் சார்ட்டர் என்ற, கல்லையும் கெட்டுப்போன மணியையும் தானே பிரித்துத் தள்ளும் இயந்திரத்தின் படம். பக்கத்தில் கீழ்நோக்கிப் பச்சை அம்பு. 'சுத்தம் செய்யும் பிரிவு: 42 பேரிலிருந்து 16 பேர்.'

போன் போட்டாள்.

"சார், மீதி இருபத்தாறு பேர்?"

"அது இன்னும் முடிவாகல ஈஸ்வரி. அந்த ஸ்லைடுல நம்பர எடுத்துடுங்க. 'புது மெஷின் உங்க வேலையைச் சுலபமாக்கும்'னு போடுங்க. டோன் பாசிட்டிவா இருக்கணும்."

"டோன மாத்தலாம் சார். எத முன்னாடி வைக்கிறது, எத பின்னாடி வைக்கிறதுன்னு மாத்தலாம். வேலையே போற ஆளுகிட்ட வேலை சுலபமாகும்னு சொன்னா அது இன்னா டோனு?"

"இன்வெஸ்டருக்குச் சொல்றது வேற, ஸ்டாஃபுக்குச் சொல்றது வேற."

"சொல்ற விதம் வேறயா இருக்கட்டும். நம்பர் ஒண்ணுதான சார்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் விடவில்லை. அந்த ஸ்லைடை மூன்று வரியாக மாற்றி அனுப்பினாள்: மெஷின் தையில் வருகிறது. சுத்தம் செய்ய 16 பேர் போதும். மற்ற 26 பேருக்கு என்ன வழி என்று எந்தத் தேதிக்குள் சொல்வோம்? தேதிக்கு இடம் விட்டிருந்தாள். வியாழக்கிழமை அவர் திருப்பி அனுப்பியதில் அந்த மூன்று வரியும் இல்லை. கல் பொறுக்கும் பிரிவில் மூத்தவளான முத்தம்மா சிரிக்கும் போட்டோவும், பக்கத்தில் 'புது மெஷின் உங்க வேலையைச் சுலபமாக்கும்' என்ற வரியும் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குடோனில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். கோகுலகிருஷ்ணனே வந்து பேசினார். லோடு திரும்பாத விஷயத்துக்குக் கைதட்டினார்கள். போட்டோ வந்ததும் எல்லோரும் முத்தம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். முத்தம்மா சிரிக்கவில்லை. எழுந்து கேட்டாள்.

"அந்த மிசினு கல்லு பொறுக்குமாங்க?"

"ஆமாம்மா. உங்க வேலை சுலபமாயிடும்."

"அப்ப நாங்க இன்னா பண்றது? எத்தினி பேரு வேணும் உங்களுக்கு?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "எல்லாரும் நம்ம குடும்பம்தான்..." என்று இழுத்தபடி ஈஸ்வரியைப் பார்த்தார். சமாளி என்று சொல்லும் பார்வை. ஈஸ்வரி அவரைப் பார்க்காமல் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"பதினாறு பேரு. இருபத்தாறு பேருக்கு வேலை இருக்காது. அவங்களுக்கு இன்னா வழின்னு இன்னும் முடிவு பண்ணல."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கல் பொறுக்கும் ரத்தினம்மாள் கையிலிருந்த முறத்தைத் தரையில் அடித்தாள். வாசலை மறித்துப் பெண்கள் நின்றுவிட்டார்கள். தேதி சொல்லாமல் கார் நகராது என்றார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோகுலகிருஷ்ணன் இறங்கி வந்தார். இருபத்தாறு பேருக்கும் பாக்கெட் பிரிவிலோ கொள்முதலிலோ இடம் சொல்லாமல் மெஷினுக்கு ஆர்டர் கொடுப்பதில்லை. பதினைந்து நாளில் பதில் என்று ஒத்துக்கொண்டார். ஈஸ்வரி அதை அந்தப் போட்டோவுக்குக் கீழேயே டைப் செய்தாள். திரையில் எல்லோரும் படித்த பிறகு பிரிண்ட் எடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கினாள்.

"உங்க கிட்ட அப்புறம் பேசறேன்," என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசுங்க சார்."

அவர் காரேறிப் போனதும் முத்தம்மா அவளருகில் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று ஈஸ்வரி நினைத்தாள்.

"உனுக்கு எப்ப தெரியும்?"

"திங்கக்கிழம."

"நாலு நாளு. தினமும் எங்க கூடத்தான உக்காந்து டீ குடிச்ச? நான் கேக்கலன்னா நீயும் வாயத் தெறந்திருக்க மாட்ட."

சார் ஒத்துக்கொள்வார் என்று காத்திருந்ததாகச் சொல்லலாம். ஈஸ்வரி சொல்லவில்லை. முத்தம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோகுலகிருஷ்ணன் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி இப்போது தன் மேலேயே திரும்பி நிற்க, ஈஸ்வரி திரையாகக் கட்டிய வேட்டியை அவிழ்க்கப் பார்த்து, முடிச்சு அவிழாமல் போனதும் வெடுக்கென்று இழுத்துக் கிழித்தாள்.