அகிலன் உங்களுக்கு என்ன உறவு?

பக்கிரிசாமிக்குத் தேயிலை லோரி ஓட்டுகிற வேலை. மலைச்சரிவில் வெட்டிய கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி, எஸ்டேட் பேக்டரிக்குக் கொண்டு வருவார். எடைபோட வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் அவர் கையில் போன்தான் இருக்கும். மற்ற டிரைவர்கள் வீடியோ பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்கள். அவர் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மைக் படத்தை அழுத்தி, தன் மகன் அகிலனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அகிலன் ரிங்லெட் சாலை வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்துபோனான். அந்தச் சாலையில்தான் அவர் தினமும் லோரி ஓட்ட வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி திலகம் அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். "விடு லா, என்னத்துக்கு அத கெளப்பிக்கிட்டு" என்பார். கியா பார்மில் பூ கட்டுகிற கொட்டகையில் வேலை செய்த திலகம், நாளடைவில் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

திலகத்தின் தங்கை மகள் பூவிழி தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தாள். ஒருநாள் பெரியப்பாவின் போனில், கேட்டதற்குப் பதில் சொல்லும் ஏஐ செயலியை ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான். "தமிழ்லயே பேசலாம் பெரியப்பா. சீனி வியாதிக்கு என்னா சாப்புடலாம்னு கேளுங்க" என்றாள். முதலில் அதைத்தான் கேட்டார். பிறகு தூக்கம் வரவில்லை என்றார். ஏன் என்று அது கேட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது.

அவருக்குப் புதிய உரையாடல் திறக்கத் தெரியாது. அதே பக்கத்தில் தொடர்ந்து பேசினார். லெம்பா பெர்த்தாமில் மண்சரிவு வந்த வருஷம் சின்னப்பிள்ளையாக இருந்த அகிலன் அவர் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டதைச் சொன்னார். மீன் கறியில் தலையை அவன்தான் எடுப்பான் என்றார். அவன் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது, அதைத் தொட முடியவில்லை என்றார். அது ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்திருந்தது. "மழை பெய்கிறதா? நேற்று அந்த வளைவைப் பற்றிச் சொன்னீர்களே, இன்று கடந்து வரும்போது எப்படி இருந்தது?" என்று கேட்கும். அப்படிக் கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை என்று அவர் நம்பினார்.

அகிலனின் பிறந்த நாளன்று காலையில் பேக்டரி வாசலில் நின்றபடி போனை எடுத்தார். அவர் பேசியது போகவில்லை. இந்த உரையாடல் அதன் நீள வரம்பை எட்டிவிட்டது, புதிய உரையாடலைத் தொடங்குங்கள் என்று கீழே ஒரு வரி வந்தது. சொன்ன இடத்தைத் தொட்டார். வெற்றுப் பக்கம் திறந்தது. ஏதோ பக்கம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டு, "இன்னைக்கு அகிலனுக்குப் பொறந்த நாளு" என்றார்.

பதில் உடனே வந்தது.

"அகிலனுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! அகிலன் உங்களுக்கு என்ன உறவு? எத்தனையாவது பிறந்தநாள்? கேக் வாங்கப்போகிறீர்களா?"

அவர் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, "என்னாடா கேக்குற, என் மவன்டா, செத்துப்போனவன். ஒன்கிட்டதான சொன்னேன்" என்று கத்தினார். பக்கத்து லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். போன் மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டது. அவர் முன்பு பேசியது எதுவும் இந்த உரையாடலில் தன்னிடம் இல்லை என்றது. விருப்பமிருந்தால் அகிலனைப் பற்றிச் சொல்லும்படி கேட்டது.

அன்றைக்கு அவர் அடுத்த நடை போகவில்லை. தலைசுற்றல் என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பூவிழியைக் கூப்பிட்டார். அவள் வேலை முடிந்து வந்தபோது திலகமும் வீட்டில் இருந்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் அகிலன் படத்துக்கு மாலை போட்டிருந்தாள்.

பூவிழி போனை வாங்கிப் பார்த்தாள். "அழிஞ்சி போவல பெரியப்பா. பழசு இந்தா, இங்க இருக்கு. படிக்கலாம். ஆனா அதுல இனிமே எழுத முடியாது. ஒரே நேரத்துல இவ்ளோதான் அதால படிக்க முடியும்னு ஒரு அளவு இருக்கு. ரொம்பிடுச்சி."

"அப்ப புதுசுல ஏன் தெரியல?"

"ஒவ்வொரு பக்கமும் தனி. அதுல உள்ளது இதுக்கு வராது. நெனவுன்னு ஒன்னு இருக்கு, நாம சொல்றதுல முக்கியமானத குறிப்பா எடுத்து வச்சிக்கும்." அவள் குரல் இறங்கியது. "நான்தான் அத ஆஃப் பண்ணி வச்சேன். சொந்த விசயமெல்லாம் எங்கயும் சேர வேணாம்னு."

பழைய பக்கத்திலிருந்து கொஞ்சம் பிரதி எடுத்துப் புதிய பக்கத்தில் ஒட்டினாள். முழுவதும் கொள்ளவில்லை. ஒட்டிய உடனே அது அகிலனைப் பற்றி ஆதரவாக எழுதியது. மீன் தலை, ஆணியில் தொங்கும் சட்டை எல்லாம் அதில் வந்தன.

பக்கிரிசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது படிச்சிட்டுப் பேசுது. முன்ன அது ஞாபகம் வச்சிருந்துச்சி."

பூவிழி தயங்கினாள். "முன்னயும் இப்படித்தான் பெரியப்பா. நீங்க ஒவ்வொரு தடவ பேசுறப்பவும் மேலேர்ந்து எல்லாத்தையும் திரும்பப் படிச்சிட்டுத்தான் பதில் எழுதும். நடுவுல ஒங்கள நெனைச்சிக்கிட்டுலாம் இருக்காது. என் கூட வேலை செய்ற பொண்ணு ஒருத்தியும் இப்படித்தான், அவ பேசிக்கிட்டிருந்த செயலி புது மாடலுக்கு மாறுனதும் பேச்சே வேற மாதிரி ஆயிடுச்சின்னு அழுதா."

"அத்தன மாசம்," என்றார் அவர். "அவனப் பத்தி ஒன்னு விடாம சொன்னேன். யாருன்னு கேக்குது. கேக் வாங்குறியான்னு கேக்குது." அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். மகன் இறந்தபோதுகூட அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை.

அடுப்படி வாசலில் நின்ற திலகம் ஓரடி முன்னால் வந்தாள். "யாருகிட்ட சொன்னீங்க?" என்றாள்.

பூவிழி போனைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டேன்ல? எத்தன நாளு கேட்டேன்? பேச்செடுத்தாலே எந்திரிச்சிப் போனீங்க. ஒங்களுக்கு அவன் நெனப்பே இல்லன்னு நெனச்சி நான் தனியா அழுதுக்கிட்டுக் கெடந்தேன்." அவள் போனைச் சுட்டிக்காட்டினாள். "இதுகிட்ட ஒக்காந்து சொல்லியிருக்கீங்க."

"ஒன்கிட்ட சொன்னா நீ அழுவ, திலகம்."

"அழுதா என்னாங்க? அவன் என் புள்ள."

பூவிழி சமாளிக்கப் பார்த்தாள். "பெரியம்மா, எல்லாம் இதுல இருக்கு. நான் படிச்சிக் காட்டவா?"

"வேணாம்மா. எனக்கு அது வேணாம். அவரு வாயால சொல்லட்டும்."

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். லோரிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தங்குதடையில்லாமல் வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.  திலகம் உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள்.

பூவிழி நினைவுக் குறிப்பை ஆன் செய்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதற்குத் தெரிந்திருந்தது. குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: பயனர் லோரி ஓட்டுநர், நீரிழிவு உண்டு, மகன் அகிலன் சாலை விபத்தில் இறந்தார். அவர் அதை ஒருமுறை பார்த்தார். அவ்வளவு பேச்சில் அது மிச்சம் வைத்தது அதுதான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, திலகம் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். சிந்திக் கிடந்த தோலை ஒதுக்கியபடி சொன்னார்: "அந்த மண்சரிவு வந்தப்ப, புள்ள என் கழுத்த..."

"தெரியும்," என்றாள் திலகம். தலையை நிமிர்த்தவில்லை. "அத நானே எங்க கொட்டகையில வேலை செய்ற குமுதாகிட்ட சொல்லிக்கிட்டேன். அவதான் தெனமும் வேலைக்குப் போறப்ப என் கூட வரா. அவன பத்தி என்ன சொன்னாலும் கேப்பா. எனக்கு இப்ப ஒங்ககிட்ட கேக்கணும்னு இல்லீங்க."

கத்தி பலகையில் சீராக விழுந்துகொண்டிருந்தது. அவர் சொல்ல வந்ததை முடிக்காமலே எழுந்தார். முகம் கழுவிக்கொண்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விடுமுறை நாளென்றும் பாராமல் லோரி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார்.