விலாசினி சேச்சியின் பிறந்த வருடம்

புதன்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு விலாசினி சேச்சி தன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மஞ்சள் துணிப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டிய பக்கத்தைத் திறந்தேன். பிறந்த தேதி 29.5.1979 என்று எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. திரையில், போன வாரம் நானே நிரப்பிச் சமர்ப்பித்த அரசு வேலை விண்ணப்பத்தில், 29.5.1978 என்று இருந்தது.

இரண்டையும் மூன்று முறை பார்த்தேன். எண்கள் மாறவில்லை.

பாறசாலை சந்திப்பில் கிருஷ்ணன்குட்டி அண்ணன் நடத்தும் கணினி மையத்தில் நான் பகலில் வேலை செய்கிறேன். மாலையில் நெய்யாற்றின்கரையில் அரசுத் தேர்வுக்கான வகுப்பு. அன்றாடம் செய்ததை நேரத்தோடு நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். போன வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். ‘4.35. விலாசினி, வெள்ளறடை. விடுதி சமையல் உதவியாளர். 1154 இடவம் 15. கூட்டினது 824.’

எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. அன்று கடைசி நாள். சேச்சி, விடுதிச் சமையல் இல்லாத நேரம் கூலிக்குப் போகும் ரப்பர் தோட்டத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். புத்தகம் வீட்டில். சான்றிதழ்களை அடுத்த புதன் வரை ஏற்றலாம் என்று இணையதளத்தில் இருந்ததால், தேதியை மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் கொல்லம் ஆண்டு எனப்படும் மலையாள ஆண்டில், மலையாள மாதத்தோடு சொன்னார். இடவம் பதினைந்துக்கு நேர் எந்த நாள் என்று சுவர் காலண்டரில் பார்த்தேன், மே இருபத்தொன்பது. கொல்லம் ஆண்டோடு எண்ணூற்று இருபத்து நாலு கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்குவதால், ஜனவரி பிறந்துவிட்டால் எண்ணூற்று இருபத்தைந்து கூட்ட வேண்டும் என்பதையும் படித்திருந்தேன். கூட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை. மனக்கணக்காகச் சொன்னதில் எனக்குச் சின்னப் பெருமையும் இருந்தது.

“என்னடே, முகம் ஒருமாதிரி இருக்கு?” என்றார் சேச்சி.

சொல்லிவிட்டேன்.

“ஒரு வருஷம் கூடிப்போனா என்ன மக்கா? கிழவியாயிட்டேன்னு வைப்பாவ, அவ்வளவுதானே?” என்றார்.

“ஜனவரி ஒண்ணாம் தேதி நாப்பத்தாறு திகஞ்சிருக்கக் கூடாது சேச்சி. எழுபத்தெட்டுன்னா திகஞ்சு போச்சு. பரிசோதனையில தள்ளிருவாவ.”

“சரியான வருஷத்துக்கு?”

“நாப்பத்தஞ்சுதான். தகுதி உண்டு.”

“அப்ப அடுத்த தடவ போடலாமா?”

அடுத்த ஜனவரியில் அவருக்கு உண்மையாகவே நாற்பத்தாறு நிறைந்துவிடும். அதை நான் சொல்வதற்குள் அவரே விரல் விட்டு எண்ணி முடித்திருந்தார்.

“ஆறு வருஷமா அந்த விடுதியில தெவசக்கூலிக்குச் சமைக்கேன். இது கடைசி வண்டியாக்கும்,” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திருத்தும் பொத்தானைத் தேடினேன். சமர்ப்பித்த விண்ணப்பத்தை மாற்ற முடியாது என்று சிவப்பில் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், தவறுகளுக்கு உதவி மையத்துக்கு, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து மட்டும், புதன் மாலை ஐந்து மணிக்குள் எழுதவும் என்று இருந்தது. இன்றுதான் புதன்.

எங்கள் மையத்தில் ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் தொடங்கிக் கடவுச்சொல்லை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போம். அதைப் பார்த்துச் சேச்சியின் கணக்கைத் திறந்தேன்.

கிருஷ்ணன்குட்டி அண்ணன் பின்னால் வந்து நின்றார். “எலே டெனில், விண்ணப்பதாரருக்குக் கைத்தவறு வந்துபோச்சுன்னு எழுது. மையத்தப் பத்தி ஒண்ணும் வேண்டாம்.”

“சேச்சி சரியாத்தானே சொன்னாவ, அண்ணே.”

“நீ அரிச்சந்திரன். நாளைக்கு எனக்க கடைய அடைப்பாவ. நீ வகுப்புக்குப் போவ.”

“அந்தத் தவற எனக்க தலையில வைக்காதீங்க,” என்றார் சேச்சி. “எனக்கு எனக்க நாளு தெரியும்.”

அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டு ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய்விட்டார்.

ஆங்கிலத்தில் எழுதினேன். மிகுந்த பணிவோடு தொடங்கினேன். மாண்புமிகு என்பதை மரியாதைக்குரிய என்று மாற்றினேன். தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு வருந்துகிறேன் என்றேன். கொல்லம் ஆண்டை மாற்றும் முறையை விளக்கினேன், தவறு தட்டச்சு செய்த என்னுடையது என்றேன், விண்ணப்பதாரர் ஏழைப் பெண் என்றேன். பிறகு ஏழை என்பதை அழித்தேன், சேச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. புத்தகப் பக்கத்தை இணைத்து 3.31க்கு அனுப்பினேன். உடனே ஒரு தானியங்கிப் பதில், புகார் எண்ணுடன் வந்தது.

“கிட்டிச்சா?” என்றார் சேச்சி.

“போய்ச் சேந்தாச்சு. இனி பாக்கணும்.”

சேச்சி தேநீர் வேண்டாம் என்றார். நான் குடித்தேன், ருசி தெரியவில்லை.

4.12க்கு மனிதர் எழுதிய பதில் வந்தது. இரண்டே வரி. விண்ணப்ப எண், பதவியின் பெயர், உள்ளிட்ட தேதி, சரியான தேதி ஆகியவை உங்கள் கடிதத்தில் இல்லை. அவற்றுடன், விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட கோரிக்கையையும் இணைத்து மீண்டும் அனுப்பவும்.

என் கடிதத்தை மறுபடி வாசித்தேன். மூன்று பத்தி. மன்னிப்பு ஐந்து இடத்தில். விண்ணப்ப எண் ஓரிடத்திலும் இல்லை. தவறான வருடத்தைக்கூட, ‘ஒரு வருடம் முந்தியது’ என்றுதான் எழுதியிருந்தேன். எண்களையே நோட்டில் எழுதி வாழ்கிறவன் நான்.

“என்னவாம்?” என்றார் சேச்சி.

“நம்பர் வைக்க மறந்துட்டேன்.”

“இவ்வளவு நேரமா என்னத்ததான் எழுதின மக்கா?”

“மன்னிப்புக் கேட்டேன்.”

“அத எனக்கிட்ட கேக்கலாம். அவியளுக்கு நம்பரக் குடு.”

ஜெராக்ஸ் மெஷின் பக்கமிருந்து அண்ணன் சிரித்தார். ஆனாலும் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவரே கொண்டுவந்து சேச்சி முன்னால் வைத்தார். நான் சொல்லச் சொல்லச் சேச்சி மலையாளத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டார். நான் அதை ஸ்கேன் செய்தேன்.

இரண்டாவது கடிதம் ஆறு வரி. புகார் எண், விண்ணப்ப எண், பெயர், பதவி. உள்ளிட்ட தேதி 29.5.1978, சரியான தேதி 29.5.1979. சான்று: எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் முதல் பக்கம். தவறு, கணினி மையத்தில் தேதியை உள்ளிட்ட என்னுடையது, திருத்தித் தர வேண்டுகிறேன், நன்றி. அனுப்பும்முன் சேச்சியிடம் ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்துக்காட்டினேன். அவர் புத்தகத்தில் விரல் வைத்து, “உண்டு, உண்டு” என்றார். 4.29க்குப் போயிற்று.

வகுப்புக்கு நான் பிடிக்க வேண்டிய பேருந்து 4.40க்குக் கடை முன்னால் நின்று போனது. சேச்சி என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். 4.45க்கு ஒன்றுமில்லை. 4.50க்கு மின்சாரம் போய் வந்தது, கணினியை மறுபடி எழுப்பினேன்.

4.56. பதில்.

‘பிறந்த தேதி 29.5.1979 எனத் திருத்தப்பட்டது. அசல் சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்பட்டது.’

சான்றிதழ் பக்கத்தை ஏற்றிவிட்டு, விண்ணப்பத்தைப் புதிதாக இறக்கி அச்செடுத்தேன். சேச்சி தாளை வாங்கி, தேதியின் மேல் விரலை ஓட்டி, கடைசி ஒன்பதில் நிறுத்தினார். பிறகு புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

“வாறேன்,” என்றவர் படியில் இறங்கித் திரும்பினார். “இனி யாராவது வாயால நாளு சொன்னா, புத்தகம் கொண்டான்னு சொல்லு. நல்ல பையன்தான். எழுத்துதான் நீளம்.”

அவர் போன பிறகு என் நோட்டை அந்தக் கணக்கைப் படித்த நாளிலிருந்து புரட்டினேன். 824 கூட்டியது இன்னும் இரண்டு பேருக்கு. பொன்னையன், சிங்கம் மாதம். ஆதிராவின் அம்மா, துலாம் மாதம். இரண்டும் ஜனவரிக்கு முன்னால் வரும் மாதங்கள். சரிதான்.

சரிதான் என்று தெரிந்தும், இரண்டு பேரையும் தொலைபேசியில் அழைத்துப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன்.