இரண்டு சுவிட்சு, ஒரு பல்பு

தீப்பெட்டி ஆபீசில் மெஷின் வந்து எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வயரிங் காண்ட்ராக்டர் கருத்தப்பாண்டி அண்ணாச்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஓர் ஆள்தான். நானும் போட்டியிட்டேன், என் வீட்டுக்காரி மாரிச்செல்வியும் போட்டியிட்டாள்.

வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் முப்பது பாட வயரிங் வீடியோ. நான் வேகத்தைக் கூட்டி வைத்து, மல்லாந்து படுத்தபடி மூன்றே நாளில் முடித்தேன். அவள், கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சுமாக ஒரே பல்பை எரியவைக்கும் மாடிப்படி லைட் பாடத்திலேயே நாலு நாளாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நீ படம் பாக்குதியா, எருமை மேய்க்குதியா? வீடியோக்காரன் வாயைத் திறந்தா நிப்பாட்டுத!"

"அவன் செஞ்சு காட்டினதை நான் செய்யாண்டாமா? நீங்க பாத்ததுல ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

"எல்லாம் மண்டையில இருக்கு."

வீடியோவை நிறுத்துவாள். போனைக் கவிழ்த்துவிட்டு, பார்க்காமல் நோட்டில் படம் போடுவாள். பிறகு பழைய பலகையில் இரண்டு சுவிட்சு, டார்ச் பேட்டரி, குட்டி பல்பு வைத்துக் கோர்ப்பாள். ஒரு நாள் அவள் வேறு மாதிரி சுவிட்சை மாற்றிப் போட பல்பு எரியவேயில்லை. நான் சிரித்தேன். அவளோ நோட்டில், 'மூன்று முனையில் நடு முனைதான் மற்ற இரண்டுக்கும் பொது என்று நம்பாதே, பேட்டரி வைத்துப் பார்' என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அண்ணாச்சி ஆளுக்கொரு பலகையும் புது மாதிரி சுவிட்சு இரண்டும் கொடுத்தார். "லைட்டைக் கீழ போட்டு மேல அமத்தணும், மேல போட்டு கீழ அமத்தணும்."

எனக்கென்ன, வீடியோவில் கண்டபடி நடு முனையில் மாட்டி முதலில் முடித்தேன். மெயினைப் போட்டார்கள். எரிந்தது! மேல் சுவிட்சில் அணைத்தேன், அணைந்தது. கீழ் சுவிட்சைத் தட்டினேன். எரியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன்.

"சண்முகராஜ், அது கதவில்ல, தட்டித் திறக்க" என்றார் அண்ணாச்சி.

மாரிச்செல்வி இன்னும் வயரையே தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பேட்டரியையும் குட்டி பல்பையும் வைத்து சுவிட்சின் மூன்று முனைகளையும் சோதித்தாள். சுவிட்சை எந்தப் பக்கம் போட்டாலும் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றோடு எரிந்தது ஓர முனைதான். "இதான் பொது" என்றாள். கோர்த்தாள். கீழே போட்டாலும் மேலே போட்டாலும் பல்பு அவள் பேச்சைக் கேட்டது.

"நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரும்மா" என்றார் அண்ணாச்சி. என்னைப் பார்த்து, "உமக்குத் தை மாசம் இன்னொரு ஆள் எடுக்கையில பாப்போம்" என்றார்.

அன்று மாலை, முதல் பாடத்தின் வீடியோவைத் திரும்பப் போட்டேன். நோட்டும் கையுமாகத்தான். பத்து விநாடி ஓடியிருக்கும். மாரிச்செல்வி எட்டி நிறுத்தினாள்.

"இதுவரைக்கும் என்ன சொன்னான்?"

"வணக்கம்னான்."

"எழுதுங்க" என்றாள்.