நூற்று முப்பத்தேழு டிகிரி

வெப்பமானியை முதலில் பார்த்தது யுவஸ்ரீயா நானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நூற்று முப்பத்தேழு என்பது மட்டும் நிச்சயம்.

கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. வேதியியல், கடைசிப் பருவம். என் பக்கத்து மேசை அவளுடையது. 2,2-டைமெத்தில்சைக்ளோஹெக்சனால் என்ற ஈரிணைய ஆல்கஹாலை அமிலத்தோடு சூடாக்கி, நீரை வெளியேற்றி, 3,3-டைமெத்தில்சைக்ளோஹெக்சீன் எடுப்பது அவள் ஆய்வு. அது நூற்றுப் பதினெட்டை ஒட்டிக் கொதிக்க வேண்டும்; வடிந்து வந்ததோ நூற்று முப்பத்தேழில் கொதித்தது. இந்த வழியைச் சொன்னவர் அவள் ஆய்வு வழிகாட்டி கோமளா மேடம். முதல் வகுப்பு வந்தால் சாயத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை.

“நூத்திப் பதினெட்டுன்னு எழுதிப்போடு அம்மணி,” என்றேன். புத்தகத்து எண்ணை எழுதுவதுதான் எங்கள் துறை வழக்கம். “எக்ஸாமினரு காய்ச்சியா பாக்கப்போறாரு?”

“அப்ப நான் எதுக்குக் காய்ச்சுனேன்? டீயாச்சும் போட்டிருக்கலாமல்ல.”

பொருளின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். அறிக்கை வந்தது. இரட்டைப் பிணைப்புக் கார்பன்களில் ஹைட்ரஜனே பெரும்பாலும் இல்லை. இரண்டு இருந்திருக்க வேண்டும். அதையும் நூற்று முப்பத்தேழையும் அப்படியே ஆய்வேட்டில் எழுதினாள்.

நாங்களும் உட்கார்ந்திருந்த வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் வேங்கடசாமி கேட்டார்: “பாட்டிலை மாத்தி எடுத்துட்டயாம்மா?”

“பாட்டில் சரிதானுங்க சார். உள்ளதான் மாறிப்போச்சுங்க.”

பலகையில் வரைந்தாள். அமிலம் பட்டதும் நீர் கழன்றுபோகிறது. அந்தக் கார்பனில் நேர்மின்சுமை தங்குகிறது. பக்கத்துக் கார்பனில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு தொகுதி ஒன்று அங்கே நகர்கிறது. சுமை இப்போது மூன்று கார்பன்கள் சூழ்ந்த மூவிணையக் கார்பனில், முன்னிலும் நிலையாக. பிறகு ஹைட்ரஜன் விலக, இரட்டைப் பிணைப்பு புதிய இடத்தில் விழுகிறது. கொஞ்சத்தில் வளையமே சுருங்கியும் போகிறது.

“மூவிணைய ஆல்கஹால் லேசான சூட்டுலயே நீரை விட்டுருமுங்க. ஓரிணையத்துக்குக் கடுஞ்சூடு வேணும். இது நடுவாந்தரம். மெதுவாச் சூடாக்குனா மெத்தில் நகராதுன்னு நெனச்சனுங்க.”

“நகராம இருந்துச்சா?”

“இல்லைங்க.”

“மாறும்னு தெரிஞ்ச வழியை யாரு எடுக்கச் சொன்னது?”

“நானாத்தானுங்க சார்,” என்றாள்.

கோமளா மேடம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

“இல்லைங்க சார். வழி நான் குடுத்தது. யோசிச்சிருக்கோணும்.”

வேங்கடசாமி தலையசைத்தார். “நேர்மை சரிங்க மேடம். ஆனா தலைப்புல உள்ள பொருள் கைக்கு வரலியே.” மதிப்பெண்ணைக் குறைத்தார்.

யுவஸ்ரீக்கு முதல் வகுப்பு வரவில்லை, அந்த வேலையும் போயிற்று. இப்போது உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். வேங்கடசாமி ஓய்வு பெற்றுவிட்டார். கோமளா மேடம் அதே துறையில் இருக்கிறார். அவர் மாணவர்கள் வெப்பமானி காட்டியதையே எழுதுகிறார்கள். அந்தச் சாயத் தொழிற்சாலை வேலையில் நான் இருக்கிறேன்.