லைசென்சுக்கு நாலாவது காரணம்

தப்பைச் செய்தவரே வந்து மன்னிப்புக் கடிதம் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஷஹீராவுக்கு நன்றாகவே எரிந்தது.

"சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடும்மா. மன்னிச்சிருங்கன்னு ஒரு வரி போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார் தேவசுந்தரம். சங்கரன்கோவிலில் உள்ள அந்தத் தனியார் பால் கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்கு அவர்தான் தலைவர். போதுமாம்! அவள் எழுதிக் கொடுத்தால் அது மெமோவாகிக் கோப்பில் ஏறும். போன வருஷமே ஒரு மெமோ வாங்கியிருக்கிறாள். இரண்டாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை சிவகிரி பால் நிலையத்தில் குளிரூட்டும் தொட்டி நிரம்பிவிட்டது. டேங்கரோ குருவிகுளத்தில் அரைத் தொட்டிப் பாலுக்காகப் போய் நின்றது. சிவகிரியில் முப்பது பேர் பால் கேனோடு திரும்பிப் போனார்கள். "படம் அப்படித்தான் காட்டிச்சு" என்று எல்லோரும் ஷஹீராவைக் கைகாட்டினார்கள்.

படத்தின் கதை இதுதான். ஆறு நிலையங்களும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பால் அளவுகளை அவள் காலையில் ஒவ்வொன்றாக இறக்கி, ஒட்டி, டாஷ்போர்டு மென்பொருளில் போடுவாள். அதன் இலவசப் பதிப்பை அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றவர்களோடு பகிர லைசென்ஸ் வேண்டும். அதனால் எட்டரை மணிக்குத் திரையைப் படம் பிடித்துத் தலைவருக்கு அனுப்புவாள். அவர் சும்மா இருப்பாரா? தேதி இருக்கிற மேல் வரியை வெட்டி எறிந்து, அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூவும் 'காலை வணக்க'மும் ஒட்டி குரூப்பில் போடுவார். வியாழக்கிழமை அவர் பூ வைத்து அனுப்பியது புதன்கிழமைப் படம்.

ஷஹீரா உட்கார்ந்து எழுதினாள். மன்னிப்பு அல்ல.

'ஐயா, டாஷ்போர்டு மென்பொருளுக்கு ஒன்பது லைசென்ஸ் வாங்க நிதி ஒதுக்கக் கோருகிறேன். தயாரிக்கும் எனக்கு ஒன்று, பார்க்கும் உங்களுக்கும் டேங்கர் ரூட் பிரிவுக்கும் ஆறு நிலையங்களுக்கும் எட்டு. விலைப்பட்டியல் இணைத்துள்ளேன். காரணங்கள்: ஒன்று, தினமும் இரண்டு மணி நேரக் கைவேலை மிச்சமாகும். இரண்டு, பகலில் குறித்த நேரங்களில் அளவுகள் தாமாகவே புதுப்பிக்கப்படும். மூன்று, எல்லோரும் தங்கள் போனிலேயே ஒரே நிலவரத்தைப் பார்க்கலாம். நான்கு, வியாழக்கிழமை காலை 9.10-க்குத் தங்கள் எண்ணிலிருந்து குரூப்புக்கு வந்தது, தேதி வெட்டப்பட்ட முந்தைய நாள் படம். ஆகவே என்னிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வராது. மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பயனில்லை என்றால் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டாம்.'

வாசித்த தேவசுந்தரத்தின் காது சிவந்தது.

"என்னம்மா இது? தேதிய நடுவுல பெருசாப் போட்டா தீர்ந்துச்சு. இதுக்குப் போயி லைசென்ஸா?"

"தேதி சரியா இருக்கும் சார். அளவு காலைல எட்டரை மணிக்குள்ளதுதான் இருக்கும். மாடு நம்ம படத்தப் பாத்தா பால் கறக்கு?"

"வாயப் பாரு! சரி, மூணு காரணத்தையும் ஒத்துக்கிடுதேன். நிதியும் கேட்டு வாங்கித் தாரேன். நாலாவத மட்டும் எடுத்துரு."

"அத எடுத்தா மெமோ எம்பேர்ல நிக்கும். மத்த மூணையும் வேணும்னா எடுத்துருங்க."

 சொல்லிவிட்டுக் கடிதத்தை மேசையில் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. சிவகிரி நிலையப் பொறுப்பாளர் செல்லப்பா. ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி, காலைல நீங்க போட்ட படத்துல என் தொட்டி பாதின்னு இருக்கு. இப்ப முக்காலுக்கு மேல வந்துட்டு. ஆளுக இன்னும் வரிசைல நிக்காங்க. டேங்கர் இங்கன வருதா, கரிவலம்வந்தநல்லூருக்குப் போகுதா?"

தேவசுந்தரம் போனில் படத்தைத் தேடினார். அவர் ஒட்டிய ரோஜாப்பூதான் பளிச்சென்று தெரிந்தது.

"ஷஹீரா, மத்த நிலையத்துல இப்ப எவ்வளவு இருக்கு?"

"ஆறையும் இறக்கி ஒட்டணும். இருபது நிமிஷம் ஆகும் சார்."

"இருபது நிமிஷமா? அதுக்குள்ள அங்க நிரம்பிருமே!"

"ஆமா சார். நிரம்பிரும்."

ஷஹீரா தன் இடத்துக்குப் போய் இறக்க ஆரம்பித்தாள். கொள்முதல் தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூன்றாவது நிலையம் ஏறும்போதே பொறுமை போய், "டேங்கர சிவகிரிக்கே விடுதேன்வே, நடக்குறது நடக்கட்டும்" என்று போனில் செல்லப்பாவிடம் கத்தினார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நல்லா வேர்க்கட்டும் என்று ஷஹீரா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பதினெட்டாவது நிமிஷத்தில் திரையில் ஆறு தொட்டிகளும் வந்தன. கரிவலம்வந்தநல்லூர்த் தொட்டியில் இடம் தாராளமாக இருந்தது. அவர் எடுத்த முடிவு சரிதான், ஆனால் குருட்டாம்போக்கில் எடுத்தது. அது அவருக்கும் தெரிந்தது.

கடிதத்தை எடுத்தார். நாலாவது காரணத்துக்கு மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அடிக்கவில்லை. கீழே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

ஷஹீரா வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே அவர் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"இன்னும் என்னம்மா?"

"தேதி சார். மேலேயே போடுங்க."