லாக் எடுத்துத் தரப்படும்

அந்த வணிக வளாகத்தில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லை. பக்கத்துக் கடைப் பலகைகளில் கொம்பும் காலும் தப்பாயிருந்தால் பார்த்துவிட்டுச் சும்மா போகத் தெரியாது அவளுக்கு. அதனால் வந்த பட்டம். அவள் புருஷன் மொபைல் ரிப்பேர்காரன். அவனும் கோபம் வந்தால் மட்டும் "டீச்சர்" என்பான்.

கடை மாடியில் இருந்தது. ரோட்டில் போகிறவர் கண்ணில் படாது. ஆட்கள் போனில் தேடித்தான் வரவேண்டும் என்பதால், மேப்பில் கடைக்கு ஒரு குறிப்பு எழுதும் வேலையை டீச்சர் எடுத்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாரிடமும், "என்ன வார்த்தை போட்டுத் தேடினீங்க?" என்று கேட்டுக் கேட்டு வைத்திருந்தாள். ஒருத்தர்கூட "திறன்பேசி பழுது நீக்கம்" என்று தேடியதாகச் சொல்லவில்லை. ஆகவே ஜனங்கள் அடிக்கிற சொல்லையே போட்டாள். முதல் வரியில் மொபைல் சர்வீஸ், கூடவே ஊர்ப்பேர். அப்புறம் இப்படி:

"பெரிய ஆஸ்பத்திரி ரோடு, பஸ் ஸ்டாண்டு பின்புறம், மருந்துக்கடை மாடி. காலை 10 முதல் இரவு 8 வரை, ஞாயிறு விடுமுறை. டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் மாற்றப்படும். தண்ணீரில் விழுந்த போன் பார்க்கப்படும். மறந்துபோன பேட்டர்ன் லாக் எடுத்துத் தரப்படும்."

புருஷன் படித்துவிட்டு, "லாக் எடுத்தா போன்ல இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடும்னு போடும்மா" என்றான்.

"நீளமா எழுதினா பாதியிலேயே வெட்டிட்டு 'மேலும்'னு காட்டுதுங்க. அதை அமுக்கிப் படிக்க யாருக்குப் பொறுமை? நேர்ல வந்தா சொல்லிக்கலாம்."

அவனும் விட்டுவிட்டான். குறிப்பு நன்றாகவே வேலை செய்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் பெயிண்டர் ஒருத்தர் மூச்சு வாங்க ஏறி வந்தார். சட்டையெல்லாம் நீலப் பெயிண்ட். கையில் கண்ணாடி நொறுங்கிய ஒரு போன்.

"லாக் எடுப்பீங்கன்னு போட்டிருக்கே? கொஞ்சம் சீக்கிரம் எடுத்துக் குடுங்கம்மா."

"உங்க போனாண்ணே?"

இல்லை. கூட வேலை பார்த்தவனுடையது. காலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். சொந்தக்காரர் யார் என்று டாக்டர் கேட்கிறார். "கூலிக்கு நிக்கிற இடத்துல இந்த வாரம்தான் பழக்கம். நெட்டைன்னு கூப்பிடுவோம். சொந்தப் பேருகூடக் கேட்டு வச்சுக்கலைம்மா. பொண்டாட்டிகிட்ட தினம் போன்ல பேசுவான், அது மட்டும் தெரியும். வழியில ரெண்டு கடை இருந்துச்சு. அதுல லாக் எடுக்கறதா போடலை. உங்களதுல போட்டிருந்துச்சு."

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். அவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, லாக்கை எடுக்க முடியும். எடுத்தா உள்ள இருக்கற நம்பர், போட்டோ எல்லாம் துடைச்சுப் போட்ட மாதிரி போயிடும். புது போன் மாதிரி ஆயிடும்" என்றாள் டீச்சர்.

"அப்ப எதுக்கு எடுக்கறது?"

"போன் திரும்பப் பயன்படணும்னு எடுக்கறதுதான்."

"அதைப் போடலையே" என்றார் பெயிண்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் சொன்னார். டீச்சருக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அவன் விரலை வச்சுப் பார்த்தேங்க. நர்ஸம்மாதான் கையைத் தூக்கிக் குடுத்தாங்க. பேட்டர்ன் போடுன்னு சொல்லுது."

"விழுந்ததுல ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கும். அப்ப விரலை ஏத்துக்காது, பேட்டர்ன்தான் கேட்கும்" என்றான் ரிப்பேர்காரன். அவசரத்துக்கு யார் பேராவது பதிந்திருக்கிறதா என்று லாக் திரையிலேயே பார்த்தான். ஒன்றுமில்லை. சிம்மைக் கழற்றிக் கடையில் கிடந்த பழைய பட்டன் போனில் போட்டான். சிம்மில் இருந்த நம்பர்கள் எல்லாம் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியவை. போலீஸில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றும், அவர்கள் கேட்டு நம்பர் வாங்க நாளாகும் என்றும் பெயிண்டர் சொன்னார்.

"இனி ஒரே வழிதான். அவங்க வீட்டிலிருந்து யாராவது இந்த நம்பருக்குக் கூப்பிடணும். இந்த பட்டன் போனைக் கையிலயே வச்சிருங்க" என்றான் ரிப்பேர்காரன்.

மூன்று பேரும் அந்தப் பட்டன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடித்தது. பெயிண்டர் பாய்ந்து எடுத்தார். கடன் வேண்டுமா என்று பதிவு செய்த குரல் ஒன்று குழைந்து குழைந்து கேட்டது. பெயிண்டர் அதற்கும், "ஹலோ, ஹலோ, யாருங்க?" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பட்டன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நொறுங்கிய போனை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். ரிப்பேர்காரன் கேட்காமலே அதைப் பிரித்து வேறு டிஸ்ப்ளே மாற்றினான். அவனால் ஆனது அதுதான். டீச்சர் குறிப்பைத் திறந்து, லாக் வரியை அடித்துவிட்டு, "லாக் எடுத்தால் போனில் உள்ள அனைத்தும் அழியும், திரும்ப வராது" என்று முதல் வரிக்குக் கீழேயே போட்டாள். சேமித்தாள். மாற்றம் பரிசீலனையில் இருப்பதாக வந்தது. மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். பழைய வரியே நின்றது.

"அந்த வரியில்லன்னா அந்தாளு வேற கடைக்குப் போயிருப்பார். அங்கேயும் இதேதான் சொல்லியிருப்பாங்க" என்றான் புருஷன்.

"வேற கடையில தெரியாத்தனமா அழிச்சிருப்பாங்க."

"சரி, அப்ப இங்க வந்ததே நல்லதுதானே?"

அவள் குறிப்பை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள்.

மறுநாள் பெயிண்டர் வந்தபோது கூட ஒரு பெண் இருந்தாள். நெட்டையின் மனைவி. முந்தின நாள் சாயந்திரம் அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். "என்னங்க, காலையிலிருந்து போனைக் காணோம்?" என்று கேட்ட குரலுக்கு, ஆஸ்பத்திரிப் பேரைத் தவிர வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை என்றார் பெயிண்டர். அவள் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் அவன் போய்விட்டான்.

அந்தப் பெண் அழவில்லை. அழுது முடித்த முகம்.

"கைக்குழந்தையை அவர் தூக்கி வச்சிருக்கற போட்டோ எல்லாம் இதுலதான் இருக்குக்கா. என்கிட்ட இருக்கறது சாதா போன். லாக்கை எடுத்துத் தர்றதா அண்ணன் சொன்னாரு."

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். விஷயத்தை முழுதாகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை போலும். ஆகவே டீச்சர் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாயிருந்தது.

"பேட்டர்ன் உங்களுக்குத் தெரிஞ்சா திறந்திடும். அவர் போடறப்ப எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

"பக்கத்துல உட்காரும்போது பார்த்திருக்கேன். விரல் போகும். எப்படிப் போகும்னு கவனிக்கலையே."

அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். புதுக் கண்ணாடியில் அவள் ஒரு கோடு இழுத்தாள். தப்பு. கட்டம் போட்டாள். தப்பு. குழந்தை பேரின் முதல் எழுத்தை இங்கிலீஷில் போட்டாள். சில தடவைக்குப் பிறகு, பொறுத்து முயலச் சொல்லி போன் நிறுத்தியது. பொறுத்தார்கள். மறுபடி போட்டாள். நேரம் போகப்போகக் காக்கவைக்கும் நேரமும் நீண்டது. இடையே மூன்று பேர் வந்தார்கள், ஒருத்தருக்கு சார்ஜிங் பின், ஒருத்தருக்கு பேட்டரி. ஒரு பையன் மட்டும், "லாக் எடுப்பீங்களா?" என்று கேட்டான். "அழிஞ்சிடும்பா" என்றாள் டீச்சர். "அழியட்டும்கா, அதுல ஒண்ணுமில்ல" என்று சிரித்தபடி போனை நீட்டினான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பெண் போனை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கேயும் யார்கிட்டயும் லாக் எடுக்கக் குடுத்துடாதீங்கம்மா. என்ன சொன்னாலும் குடுக்காதீங்க" என்றான் ரிப்பேர்காரன்.

அவள் தலையாட்டினாள். பெயிண்டர் முன்னால் இறங்க, அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். டீச்சர் வாசலில் நின்று பார்த்தாள். பாதிப் படியில் அந்தப் பெண் நின்று போனை வெளியே எடுத்து, வலது விரலால் எதையோ ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு அதை மறுபடி செருகிக்கொண்டு கீழே போனாள்.